‘அதாண்ணே இது’ ஏன் எப்போதும் கீழேயே இருக்கு? மீமின் இரண்டு வரிக் கணக்கு

வடகிழக்குப் பருவமழை சீசனில் ‘விருதுநகர் மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு’ என்று ஒரு செய்தி வந்தால், ராஜபாளையத்தில் இருப்பவர் குடையைத் தேடுவார். அருப்புக்கோட்டையில் இருப்பவர் போனைத் தேடுவார், மீம் போட.

இதற்கு மேப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கின்றன. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், மலையே இல்லாத வெட்டவெளிப் பூமி. எச்சரிக்கை மாவட்டக் கணக்கில் வருகிறது. மழைக்கு மாவட்டக் கணக்கெல்லாம் தெரியாது. கிழக்கேயிருந்து வரும் மேகம் வெட்டவெளியைத் தாண்டிப் போய், மலை ஓரம் கொட்டித் தீர்த்துவிடும். ‘மாவட்டத்தில் மழை’ என்ற செய்தி பொய்யில்லை. ஆனால் திருச்சுழிக்காரர் சட்டை நனைந்திருக்காது.

இந்த ஏமாற்றத்தை ஒரு மீமாகக் கட்டிப் பார்த்தால், மீம் என்ற பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். மேலே ஒரு வரி, நடுவில் ஒரு படம், கீழே ஒரு வரி. உலகம் முழுக்கப் பழகிய அந்தப் பழைய ஃபார்மட்தான். அதைத் தமிழ் எடுத்துக்கொண்டபோது மட்டும் அதில் ஒரு விஷயம் தலைகீழானது.

படம்தான் அந்த ‘கேப்’

முதலில் ஒரிஜினல் ஃபார்மட். 2000-களின் நடுவில் ஆங்கில இணையத்தில் இதற்கு ‘இமேஜ் மேக்ரோ’ என்று பெயர். படத்தின் மேல் பெரிய வெள்ளை எழுத்து, சுற்றிலும் கறுப்பு பார்டர். அந்தத் தடித்த எழுத்துரு ‘இம்பாக்ட்’. 1965-ல் ஜெஃப்ரி லீ என்பவர் வடிவமைத்தது. பின்னாளில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கூடவே வந்ததால் எல்லோர் கைக்கும் சுலபமாகக் கிடைத்தது. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு பார்டர் போட்டால் வெயில் படமோ இருட்டுப் படமோ, எதன் மேலும் படிக்கலாம். டிசைன் தெரியாதவர்கூட செய்யலாம் என்பதுதான் இதன் பலம்.

வரியை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்? மேடையில் ஜோக் சொல்பவர் பஞ்ச்சுக்கு முன் ஒரு நொடி நிறுத்துவார். அந்த ஒரு நொடிதான் ஜோக்கின் உயிர். எழுத்தில் அப்படி நிறுத்த முடியாது, கண் ஓடிக்கொண்டே இருக்கும். மீமில் அந்த நிறுத்தத்தைப் படம் செய்கிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழே இறங்கும் கண், நடுவில் ஒரு முகத்தைக் கடந்தாக வேண்டும். அந்த முகம் அப்பாவியாக இருக்கிறதா, திமிராக இருக்கிறதா, அடி வாங்கப் போகிறதா என்பது அந்த நொடிக்குள் மனதில் ஏறிவிடும். பிறகு கீழ் வரி வந்து விழும்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் தேவை. கண் உண்மையில் முதலில் பார்ப்பது படத்தைத்தான். ஸ்க்ரோல் செய்யும்போது வடிவேலு முகம் தெரிந்த உடனே ‘ஓ, இது அந்த சீன்’ என்று மூளை தயாராகிவிடுகிறது. பிறகுதான் மேல் வரி. பிறகு மறுபடி படம். கடைசியில் கீழ் வரி. ஆக, ஒரே படம் இரண்டு முறை வேலை பார்க்கிறது. முதல் முறை எந்த மாதிரி ஜோக் என்று அறிவிக்கிறது, இரண்டாம் முறை மூச்சு விட நேரம் கொடுக்கிறது.

தமிழில் தலைகீழானது எது?

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகம் 2001-ல் வந்தது. அதில் போரோமிர் பேசும் வசனத்தை வைத்து ஒரு பிரபலமான மீம் உண்டு. ‘அவ்வளவு சுலபமா ஒருத்தர்...’ என்று தொடங்கும் அந்த வரி எப்போதும் மேலே நிற்கும். கீழே இருப்பது ஆளுக்கு ஆள் மாறும். அதாவது, தெரிந்தது மேலே, புதுசு கீழே. ஆங்கிலத்தில் எல்லா மீமும் இப்படி இல்லை என்றாலும், கீழ் வரியில் எதிர்பாராததை வைப்பதுதான் அங்கே வழக்கமான பாடம்.

தமிழ் மீமில் பெரும்பாலும் கீழே இருப்பது எல்லோருக்கும் மனப்பாடமான வசனம். ‘நானும் ரவுடிதான்’, ‘ஆணியே புடுங்க வேணாம்’, ‘அதாண்ணே இது’. வடிவேலு படத்தைப் பார்த்ததுமே கீழே என்ன வரும் என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பஞ்ச் லீக் ஆகிவிட்டதே, அப்புறம் எதற்குச் சிரிக்கிறோம்?

கீழ் வரி புதிதாக இருப்பதால் நாம் சிரிப்பதில்லை. அந்தப் பழைய வசனம், மேலே இருக்கும் புது விஷயத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்பதில்தான் சிரிப்பு. ‘எங்கே இருந்த டயலாக்கை எங்கே கொண்டுவந்து செருகிட்டான் பாரு’ என்ற அந்த ரசனை. அதனால் தமிழ் மீம் கட்டுபவருக்கு உழைப்பு எல்லாம் மேல் வரியில்தான். கீழ் வரி ரெடிமேட்.

இதற்கு மொழியும் ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ் வாக்கியத்தில் வினையும் முடிவும் கடைசியில் வரும். ‘ரவுடிதான்’, ‘வேணாம்’, ‘இது’ என்று முடிகிற வசனங்கள் வாக்கியத்தின் வாலாக உட்காரவே பிறந்தவை. அவற்றை மேலே வைத்துப் பாருங்கள், ஏதோ சொல்லி முடித்த பிறகு மீண்டும் பேச்சை ஆரம்பிப்பது போல இருக்கும்.

ஒரு மீம் கட்டுவோம்: மழை எங்கே?

இப்போது அந்த மழைக் கதை. அதற்குப் பொருத்தமான டெம்ப்ளேட் 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழ சீன். கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுக்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் கொண்டுவருகிறார். ‘ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்கே?’ என்பது கேள்வி. கையில் இருக்கும் அதே பழத்தைக் காட்டி அதுதான் இது என்பது பதில். மீம்களில் அது ‘அதாண்ணே இது’ என்றே புழங்குகிறது.

இந்த சீனின் எலும்புக்கூட்டைக் கவனியுங்கள். இரண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்று வருகிறது. இன்னொன்றைக் கேட்டால், வந்த ஒன்றையே திரும்பக் காட்டுகிறார்கள். மழைக் கதையும் அச்சு அசல் இதுதான். மாவட்டத்துக்கு மழை என்றார்கள், மேற்கே பெய்தது. கிழக்கே எங்கே என்று கேட்டால், அந்த மேற்கு மழையையே காட்டி ‘மாவட்டத்தில் பெய்ததே’ என்கிறார்கள். எலும்புக்கூடு பொருந்தினால்தான் டெம்ப்ளேட் பொருந்தும். வெறும் முகபாவம் பொருந்தினால் போதாது.

முதல் முயற்சி, மேல் வரி இப்படி வருகிறது என்று வையுங்கள்:

மேலே: வானிலை ஆய்வு மையம் விருதுநகர் மாவட்டத்துக்கு மழைன்னு சொன்னாங்க, ஆனா ராஜபாளையத்துல மட்டும்தான் பெஞ்சது, அருப்புக்கோட்டைக்கு ஏமாத்திட்டாங்க
கீழே: அதாண்ணே இது

தகவல் எல்லாம் சரி. சிரிப்பு வராது. இரண்டு கோளாறுகள். ஒன்று, நீளம். போன் திரையில் இது நான்கு வரிக்கு ஓடும். படம் கீழே தள்ளப்படும், நிறுத்தம் போய்விடும். அதைவிட மோசம், ‘ஏமாத்திட்டாங்க’ என்று மேல் வரியே தீர்ப்பு சொல்லிவிட்டது. கதை மேலேயே முடிந்துவிட்டதால் கீழ் வரிக்கு வேலை இல்லை. ‘அதாண்ணே இது’ ஒரு கேள்விக்கான பதில், ஆனால் மேலே கேள்வியே இல்லை.

இரண்டாம் முயற்சி:

மேலே: ராஜபாளையத்துல ஒரு மழை பெஞ்சிருச்சு. அருப்புக்கோட்டை மழை எங்கே?
கீழே: அதாண்ணே இது

இது ஓடும். தீர்ப்பு போய்விட்டது, கேள்வி வந்துவிட்டது. ‘வானிலை ஆய்வு மையம்’ என்ற பெயரையே சொல்லவில்லை. செந்தில் முகத்தைப் பார்த்ததும், அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்று படிப்பவரே நிரப்பிக்கொள்வார். ஏமாற்றம் என்ற சொல்லும் இல்லை. கவுண்டமணியின் முகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. படம் சொல்லும் விஷயத்தை எழுத்து மறுபடி சொன்னால் அது வேஸ்ட்.

தொங்கவிடும் வேலை

வசனமே இல்லாமல், சொந்தமாக இரண்டு வரியும் எழுதும் மீமும் உண்டு. அங்கேதான் மேல் வரியை எங்கே வெட்டுவது என்ற கேள்வி கூர்மையாகிறது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடப்பதை யாரும் பார்க்கலாம். அதை வைத்து ஒன்று:

மேலே: கண்மாய் பெருகும்னு நம்பி நெல்லு வெதச்சா
கீழே: அமோகமா வெளஞ்சிருக்கு சீமைக்கருவேலம்

‘வெதச்சா’ என்ற சொல்லில் வரி அந்தரத்தில் தொங்குகிறது. அதற்குப் பிறகு ஏதாவது வந்தே ஆக வேண்டும். அதுவே ‘நெல்லு வெதச்சேன்’ என்றிருந்தால் வாக்கியம் முடிந்துவிடும், கண் கீழே போக அவசரம் இருக்காது. ‘போனா’, ‘கேட்டா’, ‘வந்தப்போ’, ‘சொல்லிட்டு’ என்று முடியும் மேல் வரிகள் தமிழ் மீம்களில் இவ்வளவு அதிகமாகக் கிடைப்பதற்குக் காரணம் இந்தத் தொங்கல்தான். ஆங்கிலக்காரர் இதற்கு வரியின் தொடக்கத்திலேயே ஒரு சொல்லைப் போட்டு அறிவிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வரியின் கடைசி எழுத்து ஒன்றே போதும்.

கீழ் வரியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ‘சீமைக்கருவேலம் அமோகமா வெளஞ்சிருக்கு’ என்றுதான் பாடப்புத்தகத் தமிழ் எழுதும். அப்படி எழுதினால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்துவிடும், மிச்சம் இரண்டு சொல்லும் வால். பேச்சுத் தமிழில் பெயரை வினைக்குப் பின்னால் தள்ளலாம். ‘அமோகமா வெளஞ்சிருக்கு’ என்று படிக்கும் வரை நெல்தான் விளைந்தது என்று தோன்றும், கடைசிச் சொல்தான் காலை வாரும். வாரிவிடும் சொல் எதுவோ அது கடைசியில் நிற்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கிண்டலடிக்கும் பெரிசுகளுக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

எழுத்துருப் பிரச்சினை

தமிழ் மீம் பார்வைக்கே வேறு மாதிரி இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இம்பாக்டில் தமிழ் எழுத்துகள் கிடையாது. அந்த மீம் மேக்கரில் தமிழில் டைப் செய்தால் ஏதோ ஒரு சாதா எழுத்துருவில்தான் வரும். அதற்குக் கனமான கறுப்பு பார்டர் போட்டால் ‘ணி’, ‘ழு’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டியது போல ஆகிவிடும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கேபிடல் லெட்டரில் போட்டுக் கத்தலாம், தமிழுக்கு அதுவும் இல்லை. சொற்களும் நீளம்.

அதனால் தமிழில் இரண்டு குறுக்குவழிகள் பரவின. ஒன்று, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. இன்னொன்று, படத்துக்கு மேல் ஒரு வெள்ளைப் பட்டை போட்டு, மேல் வரியை அங்கே எழுதிவிடுவது. படத்தின் மேலேயே எழுதுவது குறைந்தது. ஆனால் ஃபார்மட் மாறினாலும் வரிசை மாறவில்லை. பட்டையில் இருப்பது அமைப்பு, முகம் நிறுத்தம், அடியில் இருப்பது அடி. பல மீம்களில் கீழ் வரியை எழுதுவதுகூட இல்லை. வடிவேலுவின் வாய் அசைவிலேயே வசனம் கேட்டுவிடும்.

கட்டைவிரல் டெஸ்ட்

மீம் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. போஸ்ட் செய்யும் முன் கீழ் வரியைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மேல் வரி மட்டும் படித்ததும் ‘சரி, அப்புறம்?’ என்று தோன்ற வேண்டும். ‘ஓ, அப்படியா’ என்று தோன்றினால் பஞ்ச் மேலேயே ஒழுகிவிட்டது. அடுத்து, மேல் வரியை மறைத்துக் கீழ் வரியை மட்டும் படியுங்கள். மீம் முழுசாகப் புரிந்துவிட்டால் மேல் வரி தேவையில்லாத ஆணி.

கீழ் வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதும் ஆசையும் சிலருக்கு வரும். சிரிக்கும் எமோஜி நான்கு, ‘எங்க ஊரு நெலம அப்படி பாஸ்’ என்று ஒரு விளக்கம். பஞ்ச்சுக்குப் பிறகு வரும் எதுவும் அதன் மேல் தண்ணீர் ஊற்றும். இந்த ஊருக்கு அதிகம் கிடைக்காத தண்ணீர், இந்த ஒரு இடத்தில் மட்டும் தாராளம்.

டெஸ்ட்டில் பாஸ் ஆன மீமும் தோற்கலாம். கீழ் வரி மனப்பாடமாக இருப்பவருக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். இதை உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 2019 மே கடைசி வாரம், பொறியியல் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர், இதன் பெயர் சுத்தியல், அடித்தால் ‘டங் டங்’ என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை இதுதான் உடைத்தது என்கிற ரீதியில் சீரியஸாகப் பதில் போட்டார். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் வடிவேலு கேரக்டர்தான் நேசமணி. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அடுத்தவர் விசாரிக்க, `#Pray_for_Nesamani` உலக அளவில் ட்ரெண்ட் ஆனது.

அந்தச் சுத்தியல் போஸ்ட்டைத் தமிழ் மீமாகப் படித்துப் பாருங்கள். படமும் கேள்வியும் மேல் வரி. பதில், 18 வருடமாக மனப்பாடமான கீழ் வரி. போஸ்ட் போட்டவருக்கே தெரியாமல் அவர் பாதி மீம் எழுதியிருந்தார். தமிழர்கள் மீதியை எழுதினார்கள். சினிமா பார்க்காத வெளியாட்களுக்கு மேல் வரி மட்டும் புரிந்தது, கீழ் வரி நிஜச் செய்தி போலத் தெரிந்தது. நேசமணி யார், அவருக்கு என்ன ஆச்சு என்று அவர்கள் உண்மையாகவே கேட்டார்கள்.

கீழே யாரை நிறுத்துவது?

இதுவரை பார்த்தது கைவேலை. ஒரு விஷயம் மட்டும் கைவேலையைத் தாண்டியது. கீழ் வரியில் யார் பேசுகிறார் என்பது.

2006-ல் வந்த ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலு நாய் சேகர். தன்னை யாரும் ரவுடியாக மதிக்கவில்லை என்பதற்காக ‘நானும் ரவுடிதான்’ என்று வலியப் போய் போலீஸ் வண்டியில் ஏறுவார். இந்த டெம்ப்ளேட்டில் ஒரு மழை மீம்:

மேலே: மழை விடுமுறை: சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம்
கீழே: நாலு துளி விழுந்த திருச்சுழி: நானும் ரவுடிதான்

லிஸ்ட்டில் இடம் கேட்டு வண்டியில் ஏறும் ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது வெறும் லீவு ஜோக். அதே மீமை ஒரு மானாவாரி விவசாயியின் வீட்டில் காட்டினால் சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி வரும். இந்தக் காட்டில் பலர் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். மழையே வராவிட்டால் விதை மண்ணுக்குள் அப்படியே கிடக்கும், அடுத்த மழை வரை நம்பிக்கை உண்டு. நாலு துளி விழுந்தால்தான் வம்பு. விதை முளைத்துவிடும், அடுத்த மழை வராது, முளை கருகிவிடும். மறு விதைக்குக் காசு தேட வேண்டும். ‘நாலு துளி’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அந்த மீமில் திருச்சுழியே பேசுகிறது, தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறது. அதனால் அது உள்ளூர்க்காரர் ஷேர் செய்யும் மீம். இப்போது அதே வரிசையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்:

மேலே: பாஸ்கிட்ட எதிர்த்துப் பேசினா
கீழே: அருப்புக்கோட்டைக்கு டிரான்ஸ்பர்

கட்டைவிரல் டெஸ்ட்டில் இதுவும் பாஸ். மேல் வரி அழகாகத் தொங்குகிறது. வாரிவிடும் சொல் கடைசியில் இல்லாவிட்டாலும் பஞ்ச் விழுகிறது. ஆனால் இங்கே ஊர் பேசவில்லை, ஊர் ஒரு தண்டனையாக நிற்கிறது. தமிழ் சினிமா வில்லன்கள் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றிவிடுவதாக மிரட்டிய அதே பழைய வரி, புதுச் சட்டையில். இந்த மீமுக்கு மழை எங்கே பெய்யும், எப்போது விதைப்பார்கள் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த வறண்ட ஊரைப் போட்டாலும் அப்படியே ஓடும். வாழைப்பழ மீமில் அப்படிப் போட முடியாது. ராஜபாளையத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் அந்த மேப்பைத் தெரியாமல் அந்த மேல் வரியை எழுதவே முடியாது.

சில வருடங்களில் குண்டாற்றில் தண்ணீர் ஓடும், திருச்சுழிப் பாலத்தில் கூட்டம் நின்று வீடியோ எடுக்கும். அன்றைக்கு வாழைப்பழ டெம்ப்ளேட் செல்லாது. மேலே ‘அருப்புக்கோட்டை மழை எங்கே?’ என்று கேட்டுவிட்டு, கீழே செந்திலின் கையில் இரண்டு பழத்தை வரைந்து அனுப்ப வேண்டியதுதான்.